சாலைக்கு விக்கல்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் லேப்டாப்பைப் பெரும்பாலும் ஒற்றைக் கையால் நீட்டுவார்கள். கெட்டுப்போன பொருளின் மேல் ஒரு கோபம் இருக்கும். அன்று வந்தவர் வலது கையால் பிடித்து, இடது முழங்கையால் அண்டை கொடுத்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் ஓசை வராமல் இறக்கினார். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து மேலே கயிறு புடைத்த மாதிரி ஒரு நரம்பு ஓடியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததைக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

“என்ன பிரச்சனைண்ணே?”

“ரோடு விக்குது தம்பி.”

ரிப்பேர் கடையில் நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ‘ஹேங் ஆகுது’, ‘ஸ்லோ ஆகுது’, ‘திடீர்னு செத்துப்போச்சு’ எல்லாம் கேட்டாயிற்று. விக்கல் அன்றுதான் முதல் முறை.

அவரே திறந்து காட்டினார். லாரி ஓட்டும் விளையாட்டு, கொஞ்சம் பழையது. சுமை ஏற்றிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய் இறக்க வேண்டும். சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. மற்றவர்கள் விசைப்பலகையையும் சேர்த்துத் தட்டி ஓட்டுவதை அவர் மவுஸால் மட்டுமே ஓட்டினார். இடப்பக்கம் அசைத்தால் வண்டி இடப்பக்கம் திரும்புகிறது, ஒரு பொத்தான் வேகத்துக்கு, ஒன்று பிரேக்குக்கு. இடது கை மடியில் அசையாமல் கிடந்தது.

நேர்ச் சாலையில் சும்மாதான் போனது. வளைவில், மரங்கள் கூடும் இடத்தில், படம் ஒரு கணம் நின்று பிறகு பாய்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி பாய்ந்தது. விசிறி இரைந்துகொண்டே இருந்தது.

“பாத்தியா? இருபத்திரண்டு வருஷம் நெஜ லாரி ஓட்டியிருக்கேன். அதுல ஒருநாள்கூட ரோடு இப்படி நின்னு நின்னு வந்ததில்ல. வயித்தப் பெரட்டுது.”

உள்ளறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். “ஏண்ணே, லாரிய விட்டு இறங்கினப்புறமும் லாரிதானா? வேற வேலையே கெடையாதா உங்களுக்கு?”

“நான் இறங்கல. இறக்கிட்டாங்க” என்றார் அவர், சிரித்தபடி. உடல் தகுதிச் சான்றிதழில் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. லேப்டாப் அவர் மச்சானுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, “மாமா, இது விளையாட்டுக்குன்னே செஞ்ச மெஷின். உங்களுக்குப் பொழுது போகும்” என்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

“சார்ஜும் நிக்கல தம்பி. முக்கால் மணி நேரம், மிஞ்சினா அம்பது நிமிஷம். படுத்துட்டா அதுதான் எனக்குக் கஷ்டம்.”

படுத்துட்டா என்றால் வீட்டில் கட்டிலில் என்று எடுத்துக்கொண்டேன். எங்கே படுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு.

அன்று மாலை திறந்து விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்தேன். பேட்டரியைச் சோதித்தேன். வயதுக்கு நன்றாகத்தான் இருந்தது. வியாதி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தத் திரை வினாடிக்கு நூற்றி நாற்பத்து நான்கு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அதற்கு மேல் முடியாது. ஆனால் விளையாட்டுக்கு யாரும் அளவு சொல்லவில்லை. வெட்டவெளிச் சாலையில் வினாடிக்கு இருநூற்று முப்பது படம் வரைந்து தள்ளுகிறது. திரை காட்ட முடியாத மிச்சமெல்லாம் வீண். வீணுக்கு உழைத்துப் படம் வரையும் சில்லு சூடேறுகிறது. சூடு எல்லை தாண்டியதும் மெஷின் பயந்து தன் வேகத்தைத் தானே குறைக்கிறது, ஆறியதும் கூட்டுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் விக்கல்.

அதனால் ஒரு வரம்பு போட்டேன். திரைக்கு நூற்றி நாற்பத்து நான்கு என்றால் விளையாட்டுக்கும் அதேதான், ஒன்றுகூட மேலே போகக் கூடாது. விசிறி அடங்கியது. வளைவுகளில் மரங்கள் வழுக்கிக்கொண்டு போயின. மறுநாள் அவர் கடையிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். “தம்பி கை வச்சா ரோடு போட்ட மாதிரி” என்றார். அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு மூன்று முறை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது எனக்குப் பெரிய பாராட்டு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷின் வந்தாலும் முதல் காரியமாகச் சார்ஜரைச் செருகிவிடுவோம். வேலை பாதியில் இருக்கும்போது சார்ஜ் இறங்கி அணைந்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்று முதலாளி பழக்கியது. கை தானாகப் போய்ச் செருகும். அன்றும் செருகியிருந்தேன். அவர் ஓட்டிப் பார்த்த பத்து நிமிடமும் செருகியே இருந்தது.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். கையில் அதே பை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியே நின்றிருந்து வந்த மாதிரி இருந்தது.

“குறை சொல்ல வரல தம்பி. நீ நல்லாத்தான் பண்ணிக் கொடுத்திருக்க. வீட்ல ஓடுது. அங்கதான் ஓட மாட்டேங்குது.”

“எங்கக்கா?”

“டயாலிசிஸ்ல.”

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. முதல் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுவார். கடைசி இரண்டு மணி நேரம்தான் நரகம் என்றார் அக்கா. கால் முறுக்கிக்கொள்ளும், தலை கிறுகிறுக்கும், கத்த வேண்டும்போல் இருக்கும். அதைத் தாண்டத்தான் லாரி. கட்டிலுக்குப் பின்னாலுள்ள பிளக் எல்லாம் மெஷினுக்கு மட்டும். ஒருமுறை யாரோ போன் சார்ஜர் செருகி வார்டு முழுக்கக் கரண்ட் போனதிலிருந்து ஹெட் சிஸ்டர் யாரையும் கிட்டவே விடுவதில்லை.

“சுமையப் பாதி வழியில விட்டுட்டு வரமாட்டாரு, அது அவரு பழக்கம். லாரி ஓடுற வரைக்கும் படுத்திருப்பாரு. அது அணைஞ்சா, போதும் சிஸ்டர், ஊசியக் கழட்டுங்கம்பாரு. என் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு எறங்கிடுவாரு. யாரு சொல்லியும் கேக்கறதில்ல.” அக்கா பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். “போன வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம் முன்னாடியே எறங்கிட்டாரு. நடுவுல ரெண்டு நாள் லீவு. ஞாயித்துக்கிழமை மூச்சு விட முடியல. நுரையீரல்ல தண்ணி. மூணு நாள் தீவிர சிகிச்சைல வச்சிருந்தாங்க.”

நான் சரியாகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்த மெஷின். அக்கா என்னையே பார்த்தார்.

“ஒருதடவ அங்க வந்து பாப்பியா? இங்க கொண்டாந்தா அது நல்லபிள்ளையா நடிக்குது.”

வார்டில் எட்டுக் கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயர மெஷின், அதில் மெல்லச் சுற்றும் ஒரு சக்கரம். அவர் ரத்தம் வெளியே வந்து அந்தச் சக்கரத்தைச் சுற்றி உள்ளே போனது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூரையைப் பார்க்கிறார்கள், கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவருக்கு மூன்றாவது கட்டில். பத்தே நாளில் கன்னம் ஒட்டியிருந்தது.

“வாடா மெக்கானிக்கு” என்றார். “வண்டி நடுவழியில நின்னுபோச்சு.”

ஹெட் சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பிளக் பக்கம் கை போச்சுன்னா உன்னையும் ஒரு கட்டில்ல கட்டிப்போட்ருவேன்.”

“இல்ல சிஸ்டர்” என்றேன், சின்னக் குரலில்.

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேசையில் லேப்டாப் ஏறியது. திரையின் மூலையில் வினாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண்ணை வரவழைத்தேன். அவர் ஓட்டத் தொடங்கினார். எண்பத்து மூன்று. நூற்று நான்கு. எழுபத்தொன்று. தொண்ணூற்று எட்டு. எண் துள்ளத் துள்ளச் சாலையும் துள்ளியது. விசிறி மறுபடி இரைந்தது. நாலு வளைவு தாண்டுவதற்குள் அவர் மவுஸை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா காகிதப் பையை நீட்டி அவர் வாயருகே பிடித்தார். அவசரமே இல்லாத கை, பலமுறை பிடித்துப் பழகிய கை.

நான் திரையின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். அறுபது என்றிருந்தது.

கடையில் நூற்றி நாற்பத்து நான்கு. இங்கே அறுபது. ஒரு நிமிடம் புரியவில்லை, பிறகு புரிந்தது. புரிந்தபோது காது சூடாகிவிட்டது. செய்த கம்பெனிக்காரனே வைத்த ஏற்பாடு அது. சார்ஜரை உருவினால் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் திரை தானாக அறுபதுக்கு இறங்கும், சில்லுக்குக் கொடுக்கும் மின்சாரமும் குறையும். ஆனால் நான் போட்ட வரம்பு நூற்றி நாற்பத்து நான்கிலேயே நின்றது. குறைந்த தீனியில் அதை எட்டத் தவித்துக்கொண்டே இருந்தது சில்லு. எட்டவும் முடியாமல், நிற்கவும் தெரியாமல், பேட்டரியைக் குடித்துக்கொண்டு, திரை அறுபதுக்கு மேல் காட்டாது என்று தெரியாமல். சார்ஜர் செருகிய மேசையில் பத்து வருடம் சோதித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

“என்ன தம்பி?” என்றார் அக்கா.

“என் தப்புக்கா. நான் சார்ஜரப் போட்டே பாத்தேன். உருவிப் பாக்கல.”

அக்கா காகிதப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அண்ணன்தான் கண் மூடியபடியே சொன்னார்: “காலி வண்டிய ஓட்டிப் பாத்துட்டு, லோடு ஏத்தினாலும் இப்படித்தான் ஏறும்னு சொன்ன மாதிரி.”

“ஆமாண்ணே.”

“பரவால்ல. எல்லா மெக்கானிக்கும் காலி வண்டியத்தான் ஓட்டிப் பாப்பான்.”

வரம்பை அறுபதுக்கு இறக்கினேன். திரையும் அறுபது, விளையாட்டும் அறுபது. வெளிச்சத்தையும் கொஞ்சம் தணித்தேன். “இப்ப பாருங்கண்ணே” என்றேன்.

மூலையில் எண் அறுபதில் வந்து உட்கார்ந்தது. வளைவு வந்தது. அறுபது. மரங்கள் வந்தன. அறுபது. விசிறியின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, பக்கத்து மெஷினின் சக்கரச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் ஒரு நீண்ட இறக்கத்தை ஓட்டி முடித்தார். பிறகு, “ம். மூச்சு விடுது” என்றார்.

அன்று பேட்டரியில் பாதிக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது திரை கறுத்தது. அவர் இறங்கவில்லை. “சுமையக் கரையேத்தாம வுட்டுட்டமே” என்று மட்டும் முனகிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். எனக்காகப் படுத்திருந்தார் என்று பட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அந்த லேப்டாப்பை வாங்கி வந்தேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, உருவி, கடை மேசையில் வைத்து நானே ஓட்டினேன். முதலாளி வந்தார், நின்றார், பார்த்தார். “சம்பளம் வாங்கிட்டு லாரி ஓட்டுற ரிப்பேர்காரன இப்பத்தான் பாக்கறேன்.”

“டெஸ்ட் பண்றேன்.”

“அந்த வயர் ஏன் தொங்குது?”

“அதான் டெஸ்ட்டு.”

சார்ஜ் ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் நின்றது. முன்பு ஐம்பது நிமிடம்தான். அடுத்த வாரம் எங்கள் சோதனைத் தாளில் ‘சார்ஜர் உருவி’ என்று ஒரு வரி கூடியிருந்தது. முதலாளியின் கையெழுத்து.

அதற்குப் பிறகு அண்ணன் நான்கு மணி நேரமும் படுத்திருந்தார். வாரம் மூன்று முறை, ஏழெட்டு மாதம். தூங்கி எழுந்து இரண்டு மணி நேரத்தில் இறங்கும்படி ஒரு சுமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். மெஷின் மணியடிப்பதும் அவர் வண்டியைக் கிடங்கில் நிறுத்துவதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்கும். ஹெட் சிஸ்டர் ஊசியைக் கழற்ற வந்து, “டிரைவரே, ரிவர்ஸ் எடுத்தாச்சா?” என்று கேட்டு நிற்பாராம். எடுக்கும் வரை தொடமாட்டாராம். இதெல்லாம் அக்கா சொன்னது. எப்போதாவது நானும் போவேன். போய் என்ன பேசுவது என்று தெரியாமல் விசிறியில் காது வைத்துக் கேட்டுவிட்டு வருவேன்.

ஒருநாள் அக்காவிடம் கேட்டேன், அண்ணன் லாரியில் எப்போதாவது கூடப் போயிருக்கிறீர்களா என்று.

“எங்க. கம்பெனி வண்டி, வீட்டாள ஏத்தக்கூடாதும்பாரு. இருபத்திரண்டு வருஷம் கேட் வரைக்கும்தான் நான். இப்பத்தான் ரோட்டையே பாக்கறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்த ரோட்ட” என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது அண்ணனே போன் செய்தார். குரல் நீர்த்திருந்தது. “தம்பி, தூக்கம் வரமாட்டேங்குதுடா. படுத்ததுலேர்ந்தே முழிச்சிருக்கேன். ரெண்டு மணி நேரம் பத்தல. வண்டிய இன்னும் இழுக்க முடியுமா?”

போனேன். கால் இரண்டும் தலையணை மேல் இருந்தன. ரத்த அழுத்தம் இறங்கி இறங்கி வருகிறது என்று ஹெட் சிஸ்டர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. மெக்கானிக் என்பதாலோ என்னவோ.

“படத்தக் குறைக்கலாம்ணே” என்றேன். “அறுபதுக்குப் பதிலா முப்பது. பாதி வேலைதான். மூணு மணி நேரத்துக்கு மேலயே நிக்கும்.”

“அவ்வளவு ஏன்? நாப்பத்தஞ்சு வையேன்.”

“நாப்பத்தஞ்சு இந்தத் திரைல சரியா உக்காராது. சில படம் ஒரு தடவ வரும், சில படம் ரெண்டு தடவ வரும். மறுபடி விக்கும். முப்பதுன்னா ஒவ்வொரு படமும் ரெண்டு ரெண்டு தடவ. சீரா போகும்.”

“வித்தியாசம் தெரியுமா?”

பொய் வாய் வரை வந்தது. “தெரியும்ணே. கொஞ்சம் மந்தமா இருக்கும். மவுஸத் திருப்பினா வண்டி யோசிச்சுத் திரும்புற மாதிரி. ஆனா விக்காது.”

அவர் கூரையைப் பார்த்தார். “மந்தமா இருந்தாப் போதும். நானும் அப்படித்தான இருக்கேன்.” அதற்கு ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு, பாதியில் இருமலானது.

முப்பது வைத்தேன். நிழல், தூரத்து மலை, கண்ணாடியில் தெரியும் வானம் எல்லாவற்றையும் குறைத்தேன். சாலையை மட்டும் விட்டுவைத்தேன். ஓட்டிப் பார்த்தார். வண்டி ஒரு கனத்தோடு திரும்பியது. “முழு லோடு ஏத்தினா நெஜ வண்டி இப்படித்தான்” என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா, கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மதியம் போனேன். முப்பது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூன்றாவது கட்டில் தெரிந்தது. அவர் கண் மூடிக் கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒற்றைச் செருப்போடு நின்றேன். பிறகு மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஊசிகள் இருந்தன. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

மேசையில் லாரியும் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஸ்டூலில் முன்னால் சரிந்து உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருந்தார். இரண்டு கையாலும். நடக்கிற வேகத்தில் வண்டி சாலையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஒரு நீளமான வரிசை, எல்லா வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கும். சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அரை மணி நேரமா இப்படிக் கெடக்கறாரு. எந்திரிச்சா வண்டி நின்னுருக்கக் கூடாதுல்ல. நின்னுருந்தா கழட்டுங்கம்பாரு.”

“நல்லாத்தான் ஓட்டுறீங்க” என்றேன்.

“பேசாத. வளைவு வருது.”

வளைவை எடுத்தார். பின்சக்கரம் புல்லில் ஏறி இறங்கியது. விக்கல் இல்லை. ஒவ்வொரு படமும் இரண்டு இரண்டு தடவை, மந்தமாக, சீராக. மூலையில் பேட்டரி இருபத்தெட்டு சதவீதம் என்றது. சுவர்க் கடிகாரப்படி இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் சுமை அன்றைக்கு ஊர் போய்ச் சேராது. சார்ஜ் மட்டும் தாங்கும்.

“போதுமா தம்பி?” என்றார் அக்கா, திரும்பாமல்.

“போதும்க்கா.”

ஹெட் சிஸ்டர் வந்து அண்ணன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எண்ணைக் குறித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. நான் சுவரோரம் நின்றேன். வெளியே மழை கண்ணாடியில் வழிந்தது. திரையில் மழையை நான்தான் போன வாரம் அணைத்திருந்தேன், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. அதனால் அந்தச் சாலை மட்டும் காய்ந்து கிடந்தது, அதன் மேல் அக்கா வண்டியை நிறுத்தாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.